கோட்டுக்கு வெளியே நின்ற முகம்

புத்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியறையில் எனக்கு வேலை. படம் எடுப்பவர் கீழே இருக்கும் ஸ்டுடியோக்காரர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எடுத்த படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் முகம் கழுவிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். வெளி வெளிச்சம் அதன் திரையில் பட்டால் என் கண்ணே என்னை ஏமாற்றும்.

பெரிய கடைவீதிப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் படங்கள் அப்போது என்னிடம் இருந்தன. புது வீடு கட்டியிருந்தார்கள். மாடிப்படிச் சுவரில் குடும்பத்தில் ஒவ்வொருவரின் படமும் ஒரே அளவில், ஒரே சாம்பல் பின்னணியில் வரிசையாகத் தொங்க வேண்டும் என்பது அந்த வீட்டு அம்மாவின் ஆசை. அம்மா, இரண்டாவது மகன், மகள், மருமகள்கள் எல்லோரையும் அண்ணன் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்திருந்தார். மூத்த மகன் மட்டும் வளைகுடாவில். அறை நண்பர் ஒருவர் போனில் எடுத்த படத்தை அவர் அனுப்பியிருந்தார். அதைக் கொண்டுவந்து கொடுத்தது அவர் மனைவி.

"அங்க ரூம்ல லைட்டு சரியில்லையாம்க்கா. கொஞ்சம் மஞ்சளா விழுந்திருக்கு. மத்தவங்க படம் மாதிரி ஆக்கிக் குடுத்துடுங்க," என்றார்.

நான் வெக்டர்ஸ்கோப் வைத்து வேலை செய்வேன். ஸ்டுடியோவில் வீடியோவுக்காக வாங்கிய மென்பொருளில் அது இருக்கிறது. போட்டோக்களையும் அதில் போட்டே பார்ப்பேன். திரையில் ஒரு வட்டம் வரும். படத்திலுள்ள நிறங்களெல்லாம் அதில் புள்ளிகளாக விழும். நிறமே இல்லாத வெள்ளையும் சாம்பலும் நடுவில் நிற்கும்; நிறம் கூடக்கூட விளிம்பை நோக்கிப் போகும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, நடுவிலிருந்து இடது மேல்பக்கமாக ஒரு கோடு உண்டு. அதுதான் தோலின் கோடு. வெளுத்தவரோ கறுத்தவரோ, நல்ல வெளிச்சத்தில் எடுத்த முகம் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பதை இந்த வட்டம் காட்டாது. என்ன நிறம் என்பதை மட்டும் காட்டும். கோடு ஒரு வழிகாட்டிதான். சிலர் சற்று இப்படி, சிலர் சற்று அப்படி நிற்பார்கள்.

உடையின் நிறம் குழப்பாமல் இருக்க, ஒவ்வொரு படத்திலும் நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தேன். அம்மா நல்ல நிறம், இரண்டாவது மகன் கறுப்பு. இருந்தும் இருவரின் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தன. மற்றவர்களும் அப்படியே. மூத்தவருடைய முகம் மட்டும் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் விலகிக் கிடந்தது.

எளிய வேலைதான் என்று நினைத்தேன். மஞ்சளைக் குறைத்துப் புள்ளிகளைக் கோட்டுக்கு இழுத்தேன். முகம் குடும்பத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை நீலம் போட்டு அலசியது போல ஆகிவிட்டது. மாற்றியதை எடுத்துவிட்டு, சட்டையை மட்டும் வெட்டி வட்டத்தில் பார்த்தேன். சட்டை நடுவிலேயே நின்றது. பின்னணிக்காக அவர் பின்னால் தொங்கவிட்டிருந்த சாம்பல் போர்வையும் கிட்டத்தட்ட அங்கேதான்.

வெளிச்சம் மஞ்சளாக இருந்திருந்தால் சட்டையிலும் அந்த மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

கீழே போய் அண்ணனிடம் சொன்னேன். போன் கேமரா முகத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றும், பக்கத்துச் சுவரின் நிறம் முகத்தில் மட்டும் அடித்திருக்கலாம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து மாற்றிக் கொடுத்துவிடு, அவர்கள் கேட்பது அதுதானே என்றும் சொன்னார். அதற்கு நான் ஒப்பவில்லை. "மாத்தறது எனக்குப் பெரிய வேலை இல்லண்ணே. அவர் முகத்துல நெஜமாவே இருக்கற ஒண்ண நான் அழிச்சுட்டேன்னா?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, தெரிஞ்சுக்கிட்டுச் செய்," என்றார்.

அந்த மனைவிக்குப் போன் செய்தேன். பயமுறுத்தக் கூடாது என்று, படம் இன்னும் நன்றாக வர ஒன்று தேவைப்படுகிறது என்று ஆரம்பித்தேன். பகலில் வெளியே நிழலில் நின்று, கன்னத்தருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கத்தில் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு கேட்டே விட்டேன், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று. சாப்பாடு இறங்குவதில்லை, எந்நேரமும் அசதி என்கிறார், வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார்.

மறுநாள் படம் வந்தது. தாளின் புள்ளிகளை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தைச் சரிசெய்தேன், முகத்தைத் தொடவில்லை. முகம் முன்பு நின்ற இடத்திலேயே, கோட்டுக்கு வெளியே மஞ்சள் பக்கம் நின்றது. இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

நான் கூப்பிடுவதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள். மருமகள் மாமியாரிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் அவருடைய படத்தையும் இரண்டாவது மகனுடைய படத்தையும் வட்டத்தில் காட்டினேன். பிறகு மூத்தவருடையது. கோடு, தாள், சட்டை எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மஞ்சள் லைட்டுல இருக்கா, என் புள்ளைக்கிட்ட இருக்கா? அத மட்டும் சொல்லும்மா."

"லைட்டுல இல்லைங்கம்மா. மத்தத டாக்டர்தான் சொல்லணும். இன்னைக்கே ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

அங்கே உட்கார்ந்தபடியே மகனுக்குப் போன் போட்டார். வேலை முடிந்து போகிறேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். "இப்ப போ. போயிட்டு வந்து பேசு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அழவில்லை. படங்களை இப்போதைக்குப் பிரிண்ட் போட வேண்டாம், அவன் வரட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மஞ்சள் காமாலை. கல்லீரலில் தொற்று என்று டாக்டர் சொல்லி, ஆஸ்பத்திரியிலேயே சில நாள் வைத்திருந்தார்களாம். பிறகு ஓய்வுக்காக லீவு கிடைத்து ஊருக்கு வந்தார். பத்தியச் சாப்பாடும் தூக்கமுமாக வீட்டில் தேறினார். டாக்டர் இனிப் பயமில்லை என்ற பிறகு, அண்ணன் அதே கூடத்தில், அதே ஜன்னலோரம் அவரை எடுத்தார். மெலிந்திருந்தார். தம்பியைவிடக் கறுத்திருந்தார். வட்டத்தில் போட்டேன், புள்ளிகள் தாமாகவே கோட்டில் போய் விழுந்தன. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிச்சத்தை ஒரு துளி ஏற்றியதோடு விட்டுவிட்டேன்.

படங்களை வாங்கிப்போக அவரே வந்தார். எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தார். பிறகு, போனில் எடுத்த அந்த முதல் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இத அம்மாகிட்ட காட்டிடாதீங்க."

"அவங்க அப்பவே பாத்துட்டாங்களே," என்றேன்.

சிரித்துவிட்டார். படங்களை அட்டையோடு அடுக்கிக் கட்டி, கைக்குள் அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.