துண்டுச் சீட்டின் பின்பக்கம்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அரசு அலுவலகத்துக்கு எதிரே கடை போட்ட இருபத்தாறு வருஷத்தில் அது தேய்ந்துபோய், ஜெராக்ஸ்காரர் என்பதுதான் மிஞ்சியது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின், வருகிறவர் உட்கார ஒரு மர பெஞ்ச். ஆன்லைனில் விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள் எல்லாம் அவர் கடைக்குத்தான் வருவார்கள். அவரும் சலிக்காமல் போட்டுக்கொடுப்பார். சலிப்பை மட்டும் வாயால் காட்டுவார்.

"பாஸ்வேர்டை என்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே அடிங்க. போன்ல வர்ற ஓடிபி கோடை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க." இதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, பிரவுசரில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். தன்னுடைய மெயிலைத் திறந்தாலும் அதே கட்டுப்பாடுதான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு பக்கம் வீணான தாளை அவர் எறிய மாட்டார். மேஜைக்கடியில் அடுக்கி வைத்து, சனிக்கிழமை ஒவ்வொரு தாளையும் நான்காக வெட்டி, கிளிப் போட்டு வைப்பார். 'என்னென்ன கொண்டுவர வேண்டும்' என்று அந்தத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவார். கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி போய் நான்கு வருஷம் ஆகிறது. மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லியனுப்பியும், அவள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் கூட்டத்துக்கு நடுவே, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றவளைப் பார்த்து, "இப்ப வந்து என்ன புண்ணியம்?" என்று கேட்டார். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? காரியம் முடிந்த மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். போன் நம்பரை மாற்றினாள். உறவில் யாருக்கும் புது நம்பர் தெரியாது.

நான்கு வருஷம் கழித்து, இந்த மாதம் மூன்றாம் தேதி, அவர் போனில் ஒரு மெயில் வந்தது. "அப்பா, பதினெட்டாம் தேதி அந்தப் பக்கம் ஒரு வேலையா வர்றேன். வீட்டுக்கு வரட்டுமா? நீங்க பதில் போட்டா வர்றேன்."

வா என்று ஓர் எழுத்து அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் நொடியில் எழுதுகிற மனுஷனுக்குத் தன் மகளுக்கு எழுத வார்த்தை வரவில்லை. மன்னிப்பு முதலில் வர வேண்டுமா, நலம் விசாரிப்பு முதலில் வர வேண்டுமா என்று இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தார். மூன்றாவது நாள், கூட்டமான பஸ்ஸில் சட்டைப் பையிலிருந்து போன் போய்விட்டது.

செல்போன் கம்பெனி கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. கேட்டவுடன் அந்த சிம்மை முடக்கினாள். பிறகு திரையைப் பார்த்துத் தயங்கினாள்.

"சார், இந்த நம்பர் உங்க பேர்ல இல்லையே. ஒரு அம்மா பேர்ல இருக்கு."

தனக்கும் அவருக்குமாக இரண்டு சிம்மையும் அந்தக் காலத்தில் வரிசையில் நின்று வாங்கி வந்தவள் அவர் மனைவி. "என் மனைவிதாம்மா. இப்ப இல்ல."

"அப்போ பேர் மாத்தினாதான் அதே நம்பர்ல சிம் தர முடியும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்க சம்மதக் கையெழுத்து..."

அவள் சொல்லி முடிக்கும் முன் மிச்சத்தை அவரே சொன்னார். அந்தப் படிவத்தை அவர் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நிரப்பித் தந்திருக்கிறார். "தள்ளிப்போடாதீங்க, உடனே மாத்திடுங்க" என்று அதட்டியும் இருக்கிறார். தன் வீட்டில் மட்டும் நான்கு வருஷமாக அதைத் தொடவில்லை. ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலாவது அவள் பேர் உயிரோடு இருக்கட்டுமே என்று விட்டிருந்தார். இப்போது மற்ற வாரிசு என்றால் மகள்தான். அவள் கையெழுத்து வாங்க அவளைக் கூப்பிட வேண்டும்; கூப்பிட அவள் நம்பர் அவரிடம் இல்லை. அவர் புதிதாக ஒரு போனும் புது நம்பரில் ஒரு சிம்மும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கடையில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தார். பாஸ்வேர்டு சரி. அடுத்த படியில், இரண்டு இலக்கம் மட்டும் தெரிகிற பழைய நம்பருக்குக் கோடு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அது முடங்கிய சிம்முக்குப் போய் எங்கே சேரும்? புது நம்பரைக் கொடுக்கலாம் என்றால், நம்பரை மாற்றக் கணக்குக்குள் போயாக வேண்டும். 'வேறு வழியில் முயலவும்' என்பதை அழுத்தினார். தொலைந்த போனில் 'ஆம்' என்று அழுத்தச் சொன்னது ஒரு வழி. மாற்று மெயில் முகவரி இன்னொரு வழி. அவர் கொடுத்ததே இல்லை. மாற்று போன் நம்பர் இன்னொன்று. போன வருஷம் கணக்குக்கு இந்த இரட்டைப் பூட்டு போட்ட அன்று அந்தக் கட்டத்தைப் பார்த்து, யார் நம்பரைப் போடுவது என்று யோசித்து, யாரும் நினைவுக்கு வராமல் காலியாகவே விட்டிருந்தார். ஊரே வந்து போகிற கடை. போடுவதற்கு ஒரு நம்பர் இல்லை. அது அன்றைக்கு வலிக்கவில்லை. இன்றைக்கு வலித்தது.

வேறு முகவரியிலிருந்து மகளுக்கு எழுதலாம்தான். ஆனால் அவள் முகவரியில் பெயரோடு என்னென்னவோ எண்கள் ஒட்டியிருந்தன. பார்த்து மனப்பாடம் செய்யத் தோன்றவில்லை. நினைவிலிருந்து நான்கு விதமாக அடித்து அனுப்பினார். நான்கும் அப்படி முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன.

கணக்கை மீட்க விண்ணப்பித்தார். மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் தேதி பதில் வந்தது: இது உங்கள் கணக்குதான் என்று எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக ஊராரின் நகலையெல்லாம் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தவரை, நீ நீதானா என்று தெரியவில்லை என்றது ஒரு மெஷின். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. போன் இல்லாத நேரத்துக்கென்று முன்பே தரும் பத்து எண்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். போன வருஷம் அவற்றைப் பிரிண்ட் எடுத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் அடையாள அட்டையோடு அவசரமாக வந்தார். இவர் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். அப்புறம்?

இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினார். கோப்புகளை உதறினார். கடைசியில் மேஜைக்கடியில் இருந்த அடுக்கைப் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. கவிழ்ந்து கிடந்த தாள், ஒரு பக்கம் வெள்ளை. அது அடுக்குக்குப் போயிருக்கும். அடுக்கு வெட்டுக்குப் போயிருக்கும். வெட்டு ஊர் முழுக்கப் போயிருக்கும். ஊருக்கெல்லாம் சிக்கனம் சொன்ன கை, தன் சாவியையே நான்காக வெட்டி விநியோகம் செய்திருக்கிறது.

அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "முன்னாடி நான் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கா?" என்று கேட்டார். அதையே எழுதிச் சுவரில் ஒரு தாளும் ஒட்டினார். பர்ஸிலிருந்து, பையிலிருந்து, புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார்கள். திருப்பிப் பார்த்தால் யாருடைய மின்கட்டணமோ, பாதி முகமோ இருக்கும். பத்திரம் எழுதுபவர் சிரித்தார். "என்னய்யா, கொடுத்த சீட்டெல்லாம் திரும்பக் கேக்குற? பைத்தியமா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க" என்றார்.

பதினேழாம் தேதி மத்தியானம், எதிர்ச் சாரியில் மருந்துக்கடையில் வேலை செய்யும் அக்கா வந்தாள். கணவனை இழந்தவள். சுவரில் இருந்ததைப் படித்துவிட்டு, கைப்பையின் உள்ளறையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

"எட்டு மாசம் முன்னாடி கொடுத்தீங்கண்ணா. அவரு பேர்ல இருக்கிற போன் கனெக்‌ஷனை மாத்துறதுக்கு. இன்னும் போகல. மனசு வரல. நீங்க திட்டுவீங்கன்னு தெரியும்."

"திட்டலம்மா. நானும்தான் மாத்தல" என்று அவர் சொன்னார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அவருடைய மணிமணியான எழுத்து. திருப்பினார். ஐந்து வரிசை எண்கள். கடைசி வரிசை வெட்டில் போயிருந்தது. நான்கு முழுசாக இருந்தன.

அக்காவை பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவசரத்தில் முதல் எண்ணைத் தப்பாக அடித்தார். பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தார். கணக்கு திறந்தது.

மேலேயே மகளின் இன்னொரு மெயில், நேற்றுத் தேதியிட்டு. "பதில் வரல. புரிஞ்சுக்கிட்டேன். நாளன்னைக்கு வந்த வேலையை முடிச்சிட்டு அப்படியே திரும்பிடுவேன். என்னைக்காவது தேவைப்பட்டா இதுதான் என் நம்பர்." கீழே எண் இருந்தது.

இரண்டு தடவை படித்தார். பதில் எழுத ஆரம்பித்து, பழைய வியாதிபோல மறுபடி அழித்தார். அதற்குள் ஓரத்தில் ஒரு கட்டம் வந்தது. உங்கள் கணக்குக்கு மாற்று நம்பர் எதுவும் இல்லை, நம்பிக்கையான ஒரு நம்பரைச் சேர்க்கவும். அவர் மகளின் நம்பரை அடித்தார். அந்த நம்பருக்கு ஆறு இலக்கக் கோடு அனுப்பப்பட்டது, அதை இங்கே இடவும் என்றது திரை.

இனி கூப்பிடாமல் தீராது. புது போனை எடுத்தார். மணி நான்கு முறை போயிற்று.

"ஹலோ, யாரு?"

"அப்பா பேசறேன்மா" என்றார். "போன் தொலைஞ்சு போச்சும்மா. உன் மெயிலைத் திறக்க வழியில்லாம இத்தனை நாள்... இப்பதான் பார்த்தேன்."

அவர் கண் திரையில் இருந்த காலிக் கட்டத்துக்குப் போயிற்று.

"உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம்..."

"வந்திருக்கு." மகள் சொன்னாள். "யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, நான் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க."

பெஞ்சில் இருந்த அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் துண்டுச் சீட்டு.

"ஆமா, போன்ல சொல்லாதே. நேர்ல வந்து சொல்லு."

"அது பத்து நிமிஷத்துல செல்லாமப் போயிடும்ப்பா."

"போகட்டும்மா. நாளைக்கு நீ வந்ததும் வேற அனுப்பச் சொல்றேன்."