பௌர்ணமிக்கு அளந்த ஒயர்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர் ஆட்டோமேட்டிக் கட்சி. தானாக ஓடி தானாக நிற்கும் எதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு குளிர்ந்துவிடும். நான் ஒயர் கட்சி. எதுவும் தானாக ஓடுவதில்லை, கரண்ட் வந்தால்தான் ஓடும், கரண்ட் வர ஒயர் வேண்டும் என்பது என் கொள்கை. எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் என் பேரில் இருப்பதால் கடைசியில் என் கட்சிதான் ஆட்சி.

செங்கம் ரோட்டில் ஒரு அக்கா லாட்ஜ் நடத்துகிறார். ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்து, மோட்டாரை ஆட்டோமேட்டிக் ஆக்கணும் என்றார். என் கணவர் அப்போதே எழுந்து நின்றுவிட்டார்.

"பௌர்ணமின்னா ரூம் எல்லாம் ஃபுல்லு தங்கச்சி. தொட்டி காலியாகிக்கினே இருக்கும். நான் சுவிட்சாண்ட உக்காந்து போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்தி... இந்த ஊர்லயே பொறந்தவ, பௌர்ணமிக்கு ஒரு தடவ கூட மலையச் சுத்துனதில்ல. எங்கிருந்தோ வர்றவங்க எல்லாம் சுத்துறாங்க."

வேறு யாரையாவது உட்கார வைக்கலாமே என்றேன். ஒருமுறை வைத்தாராம். தொட்டி வழிந்து மூன்றாவது மாடி வராந்தாவில் வெள்ளம். அதிலிருந்து அந்த சுவிட்சை யாரும் தொடக்கூடாது.

போய்ப் பார்த்தோம். பழைய போர்டில் பீங்கான் ஃபியூஸ். கழற்றினால் உள்ளே செம்புக் கம்பியை மூன்று இழையாக முறுக்கி வைத்திருந்தார்கள். அடிக்கடி போகுதுன்னு நம்ம சமையல் மாஸ்டர்தான் கட்டினார் என்று அக்கா பெருமையாகச் சொன்னார். ஃபியூஸ் போவதற்காகத்தான் இருக்கிறது, அது போகாவிட்டால் வீடு போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் சூடாக வடை கொண்டு வந்ததால் விட்டுவிட்டேன்.

ஒன்றரை எச்பி மோட்டார். போர் இருப்பது பின்பக்கக் கோடியில், முன்பக்க மெயின் போர்டிலிருந்து அறுபது மீட்டர். என் கணவர் மோட்டார் தகட்டைப் படித்தார்.

"பத்து ஆம்பியர். ரெண்டரை ஸ்கொயர் ஒயர் போதும். இன்னைக்கே இழுத்துடலாம்."

"இன்னைக்கு போதும்ங்க. பௌர்ணமிக்கு?"

"பௌர்ணமிக்கு மோட்டார் என்னா பெருசாவா ஆயிடும்?"

பேசிப் பிரயோஜனமில்லை என்று, அந்தப் பௌர்ணமி சாயங்காலம் மீட்டரோடு அவரையும் இழுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு பந்தலும், கடையும், லாட்ஜும் ஒரே நேரத்தில் கரண்டை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் நூற்று எண்பத்தைந்து காட்டியது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே தண்ணீரைத் தூக்க ஆம்பியரைக் கூடக் கேட்கும். பத்து ஆம்பியர் பன்னிரண்டாகியிருந்தது. கிளம்புகிற நொடியில் நாலு மடங்கு கேட்கும். அறுபது மீட்டர் மெல்லிய ஒயர் என்றால் மிச்சமிருக்கும் வோல்டேஜிலும் நாற்பதுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். என் கணவர் மீட்டரை வாங்கித் தட்டிப் பார்த்தார். அது மாறவில்லை.

இரண்டரைக்குப் பதில் தடித்த ஆறு ஸ்கொயர் ஒயர் இழுத்தோம். அடுத்த சண்டை, கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் பிரேக்கருக்கு.

"முப்பத்திரண்டு ஆம்பியர் போட்டா ட்ரிப்பே ஆகாது. அக்கா நிம்மதியா சுத்துவாங்க."

"ட்ரிப்பே ஆகாத பிரேக்கர் எதுக்கு? பழைய மூணு இழையே இருந்துட்டுப் போட்டுமே."

மோட்டார் கேட்பதற்கு மேலே, ஒயர் தாங்குவதற்குக் கீழே, அதில் மோட்டாருக்குப் பக்கமாக. அதுதான் கணக்கு. பதினாறு ஆம்பியர் போட்டேன், மோட்டாருக்கான சி டைப். கிளம்பும்போது ஒரு நொடி வரும் வேகத்தை அது மன்னித்துவிடும், தொடர்ந்து மீறினால் மன்னிக்காது. என் சுபாவமும் ஏறக்குறைய அதுதான் என்று அவர் சொன்னார். தொட்டியின் மட்டம் பார்த்து மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டிக்கு மட்டும் தனியாக இரண்டு ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ். தொட்டி காலியானதும் மோட்டார் தானாகக் கிளம்பியது, நிறைந்ததும் நின்றது. அக்கா பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்.

அடுத்த பௌர்ணமி நாலு மணிக்கு, செருப்பைக் கழற்றிப்போட்டு, அக்கா கிளம்பிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் லாட்ஜில் உட்கார்ந்தோம். என் கணவர் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துப் பார்த்து ரசித்தார்.

ஆறரைக்கு விளக்கு அணைந்தது. பிரேக்கர் விழுந்துவிட்டது.

தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடி மறுபடி விழுந்தது. மேல் மாடியிலிருந்து தண்ணி வரலை என்று குரல் வந்தது. மாஸ்டர் போனை எடுத்துவிட்டார்.

"அம்மாவக் கூப்ட்றட்டா? பாதி வழிதான் போயிருப்பாங்க. ஆட்டோ புடிச்சு வந்துடுவாங்க."

"போனை வைங்க" என்றேன். எனக்கே என் குரல் பயமாக இருந்தது. அவர் வைத்துவிட்டார்.

என் கணவர் பையிலிருந்து ஒரு பிரேக்கரை எடுத்தார். முப்பத்திரண்டு. எனக்குத் தெரியாமல் கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு. ஆறு ஸ்கொயர் தாங்கும், நீயே சொன்ன."

தாங்கும்தான். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. அக்கா திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. ஆனாலும் ஏன் விழுகிறது என்று தெரியாமல் மாற்றக் கை வரவில்லை. மறுபடி தூக்கிவிட்டு, ஒயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டேன். இருபத்திரண்டு ஆம்பியர். மோட்டார் பன்னிரண்டுக்கு மேல் கேட்காது. மீதிப் பத்தைத் தின்பது யார்?

ஒயரோடு பின்பக்கம் நடந்தேன். ஒயர் மோட்டாரோடு சேரும் பெட்டி சமையலறைச் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளை ஒயர் கிளம்பி, ஜன்னல் வழியாக உள்ளே போய், ஒரு பெரிய பாய்லரில் முடிந்தது. தொட்டேன். ஒயர் நன்றாகச் சுட்டது. முப்பத்திரண்டைப் போட்டிருந்தால் ஆறு ஸ்கொயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இந்தப் பூனை வால்தான் ஜன்னல் திரையோடு எரிந்திருக்கும். என் கணவர் அந்த பிரேக்கரைப் பைக்குள் போட்டார்.

"யாரு மாஸ்டர் இது?"

"அம்மாதான் சொன்னாங்க. மொத தடவ சுத்தப் போறேன், போற வர்றவங்களுக்கு சுக்கு காப்பி குடுக்கணும்னாங்க. ஒயர் நல்லா தடியா போட்டிருக்காங்களே, மோட்டார் ஓடாதப்ப லைன் சும்மாதானே கெடக்குதுன்னு நான்தான் இழுத்தேன்..."

கோபப்படத்தான் நினைத்தேன். மெயினை அணைத்து, பூனை வாலைப் பிடுங்கி, பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். மோட்டார் கிளம்பியது. சுக்கு காப்பி கேஸ் அடுப்புக்கு மாறியது. வாசலில் டம்ளர் நீட்டும் வேலை என் கணவருக்கு.

எட்டரைக்கு அக்கா வந்தார். காலெல்லாம் புழுதி. உள்ளே வந்ததும் நேராகப் பழைய சுவிட்ச் இருந்த சுவருக்குப் போய்க் கையை வைத்தார். அங்கே வெறும் சுவர்.

"தண்ணி?"

"வந்துக்கினு இருக்குதுக்கா. பாய்லருக்கு மட்டும் தனி லைன் போட்டுத் தரேன். என் ஒயர்ல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"வழியெல்லாம் கூப்டுவீங்க கூப்டுவீங்கன்னு போனையே பாத்துக்கினு நடந்தேன் தங்கச்சி. நிருதி லிங்கம் கோயில் வரைக்கும் ஒருத்தரும் கூப்டல. அப்புறம் போனை இடுப்புல சொருகிட்டேன்" என்றார். "அப்புறந்தான் மலையப் பாத்தேன்."