வேகத்தடை போட்ட ஒரு டிக்

எங்கள் அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘வேகத்தடை’. அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான்தான். வெளிநாட்டு விற்பனைக்கு நான் மேலாளர். நான் ஆர்டர் பிடித்து வருவேன், அந்த அம்மா அதைப் பிடித்து நிறுத்துவார். பதினோரு வருடமாக எங்களுக்குள் இதுதான் உறவு.

நாங்கள் செய்வது உறையவைத்து உலர்த்தும் இயந்திரங்கள். பழத்துண்டு, காப்பித்தூள், மருந்து எதுவானாலும் பனியாக்கி, காற்றை உறிஞ்சி, ஈரத்தைப் பிரித்துவிடும். சாதாரண மாடலை யாருக்கு விற்றாலும் பெரிய பிரச்சினை இல்லை. பெரிய மாடல் அப்படியல்ல. உள்ளறையைத் திறக்காமலே நீராவி விட்டுக் கிருமி நீக்கலாம். அதில் தடுப்பூசியும் செய்யலாம், ஊரை அழிக்கும் கிருமித்தூளும் செய்யலாம். அதனால் அது வெளிநாடு போக அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். யார் வாங்குகிறார், எதற்கு, எந்தக் கட்டடத்தில் வைப்பார் என்று வாங்குபவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதற்கும் மேலே, தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. சரக்கு கிளம்புமுன் வாங்குபவர், பெறுபவர், பணம் கட்டும் வங்கி, ஏற்றும் கப்பல் எல்லாவற்றையும் அந்தப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். இந்த வேலைக்கு எங்கள் கம்பெனியில் ஒரே ஆள், வேகத்தடை.

மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் அவர் மேசை. எதிரே ஒரு நாற்காலி, அதன்மேல் எப்போதும் கோப்புகள். வந்தவன் நின்றுகொண்டேதான் பேச வேண்டும். ஒரே பெயரில் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள் அல்லவா? பெயர் பட்டியலோடு ஒத்துப்போய்க் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டினால் பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, இந்த ஆள் அந்த ஆள் இல்லை என்று எழுதி வைத்த பிறகுதான் விடுவார். வீட்டிலும் இதே குணம்தான். நாத்தனார் மாடியை வாடகைக்கு விடப்போனபோது, வந்தவரிடம் முந்தைய மூன்று முகவரியும் கேட்டாராம். அந்த மனிதர் வீடே வேண்டாம் என்று ஓடிவிட்டார். நாத்தனார் ஆறு மாதம் பேசவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவர் கணவர் என்னிடம் சொல்வார், “சார், நான் ஊருக்கே பிரேக் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு வீட்டுல சொல்லிக்கொடுக்கிறாங்க.”

நான் கோபக்காரன், ஒளிப்பானேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி கல்யாணமான வாரமே சொல்லிவிட்டாள். அந்த மேசையைத் தட்டித் தட்டி என் உள்ளங்கையே தடித்துவிட்டது.

என் வாடிக்கையாளர்களில் ஒருவரை நாங்கள் ‘பழக்காரர்’ என்போம். கடல் தாண்டி இருக்கிறார், ஒன்பது வருடப் பழக்கம். முதலில் பழம் உலர்த்தினார், பிறகு மருந்துக் கம்பெனிகளுக்கு மாத்திரைப் பொடி உலர்த்தித் தந்தார். தங்கமான மனிதர். ஒரே குறை, இயந்திரம் தும்மினால்கூட எங்கள் பொறியாளரை அனுப்பச் சொல்வார். ஒரு ரப்பர் வளையம் மாற்றவே ஆள் போன கதை உண்டு. இந்த வருடம் அவர் பெரிய மாடல் கேட்டார். எட்டு மாதத்துக்கு முன் விண்ணப்பித்த உரிமம் போன மாதம் வந்தது. வேகத்தடை ஒப்பிட்டுப் பார்த்தார், திரையில் பச்சை. கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போனது.

மறுநாள் மதியம், சாப்பாட்டு அறை, எதிரே வேகத்தடை. நான் நல்ல குஷியில் இருந்தேன்.

“பழக்காரர் திருந்திட்டாரும்மா,” என்றேன். “பொருத்துறதுக்கு இன்ஜினியர் வேண்டாமாம், ட்ரெய்னிங்கும் வேண்டாமாம். அவங்க ஆளுங்களே பாத்துக்குவாங்களாம். நமக்கு அலைச்சல் மிச்சம்.”

வாய்க்குப் போன கரண்டி டப்பாவுக்கே திரும்பியது.

“யாரு சொன்னா?”

“காலைல மெயில் வந்துது.”

“அவரே எழுதினாரா?”

யோசித்தேன். கீழே வேறு யாரோ கையெழுத்து. புது இயக்குநர் என்று போட்டிருந்தது. சொன்னேன்.

“வளையம் மாத்தத் தெரியாதவங்க இதை எப்படி அண்ணா பொருத்துவாங்க?” என்று கேட்டுக்கொண்டே டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

பின்னாலேயே போனேன். அந்த நாட்டின் கம்பெனிப் பதிவேட்டில் கட்டணம் கட்டி நகல் கேட்டார். இருபது நிமிடத்தில் வந்தது. பதினோரு மாதத்துக்கு முன்பே பழக்காரர் பங்கில் பெரும்பகுதியை விற்றிருக்கிறார். கம்பெனியில் நூற்றுக்கு அறுபது பங்கு ஒரே ஆளிடம். அந்த ஆளின் பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் பட்டியலில் அச்சு அசலாக இருந்தன. பட்டியலில் இருப்பவன் கையில் பாதியோ அதற்கு மேலோ இருந்தால், கம்பெனியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் தடைக்குள்தான்.

“அப்ப கம்ப்யூட்டர் ஏன் பச்சை காட்டுச்சு?” என்றேன். பங்குதாரர்களையும் சேர்த்துப் பார்ப்பதற்காகத்தானே அந்த மென்பொருளை வாங்கினோம்.

அவர் பழக்காரரின் பழைய பதிவைத் திறந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது.

பழக்காரரின் முதல் ஆர்டர் அது. அவர் பெயரோடு ஒத்துப்போன இன்னொருவன் பட்டியலில் இருந்தான். சிவப்பு வந்துகொண்டே இருந்தது. அவன் வேறு, இவர் வேறு என்று வேகத்தடை சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். அந்த ஒரு பெயருக்கு மட்டும் ‘இவர் இல்லை’ என்று பதிய வேண்டும், ஒரு பக்கம் எழுத வேண்டும். கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று நான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். “விடிய விடிய எழுதப்போறியா? அதான் தெரிஞ்சுபோச்சே, தட்டிவிடும்மா!” என்று கத்தினேன். அவர் திரையில் பக்கத்திலிருந்த வேறொரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டார். ‘பாதுகாப்பான வாடிக்கையாளர்’. அந்த டிக் விழுந்தால் அந்தக் கம்பெனியைப் பற்றி கம்ப்யூட்டர் அதன்பிறகு வாயே திறக்காது. யார் வாங்கினாலும் விற்றாலும் பச்சைதான்.

பதினோரு வருடத்தில் அவர் அவசரப்பட்டது அந்த ஒரு முறைதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்த யானையைத் தள்ளிவிட்டவன் நான்.

மணி இரண்டே கால். ஆறு மணிக்குக் கப்பலில் ஏற்றத் தொடங்குவார்கள். ஏறிவிட்டால் கம்பெனியின் ஏற்றுமதி உரிமமே போகலாம். அவர் வேலை நிச்சயம் போகும்.

நான் போனை எடுத்தேன். “பழக்காரரையே கேட்டுடறேன்.”

“வேண்டாம். அவங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களா கேட்டா சரக்கு தாமதம், அவ்வளவுதான்.”

சரக்கு முகவரைக் கூப்பிட்டார். அவன் எதிர்முனையில் சலித்துக்கொண்டான். “சுங்கம் முடிஞ்சு உள்ள போயாச்சு மேடம். இப்பப் போய் வெளிய எடுங்கன்னா எப்படி? உங்க முதலாளி லெட்டர் வேணும்.”

“நிறுத்தற அதிகாரம் எனக்கு எழுத்துல இருக்கு. அந்தக் கடிதமும் ரத்து மனுவும் பத்து நிமிஷத்துல வரும். பெட்டி கப்பல்ல ஏறுனா நீங்களும் சேர்ந்து பதில் சொல்லணும்.”

அவன் அதற்குமேல் சலிக்கவில்லை. ஐந்தே காலுக்குப் படம் அனுப்பினான். எங்கள் கன்டெய்னர் வேறு வரிசையில் தனியாக நின்றது, கதவில் ‘நிறுத்தம்’ என்று தாள். நான் அந்த நாற்காலியின் கோப்புகள்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா,” என்றேன். “அந்த டிக்கை எடுத்துவிட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?”

வேகத்தடை என்னை ஒரு பார்வை பார்த்தார். “இந்த பதினோரு மாசத்துல அவங்களுக்கு ரெண்டு பார்சல் போயிருக்கு. வளையமும் ஒரு அழுத்தமானியும். அதுவும் தப்புதான். உரிம அலுவலகத்துக்கு நாமளே போய்ச் சொல்லணும்.”

“ரப்பர் வளையத்துக்கா?”

“வளையத்துக்குத்தான்.”

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். டிக்கை உடனே எடுக்கவில்லை, அப்படியே படமெடுத்து இணைத்த பிறகுதான் எடுத்தார். கூடவே, அதே மாதிரி டிக் விழுந்த வேறு கம்பெனி உண்டா என்று எல்லாக் கோப்பையும் புரட்டினார். வேறு ஒன்றுகூட இல்லை. முதலாளிக்குப் போகுமுன் அறிக்கை என் பார்வைக்கும் வந்தது. ‘தவறு நேர்ந்த காரணம்’ என்ற இடத்தில் ஒரே வரி. ‘நான் அவசரப்பட்டேன்.’

படித்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. நேரே போனேன், மேசையைத் தட்டினேன்.

“நான் கத்துனதை ஏன் எழுதல?”

“நீங்க எல்லா நாளும்தான் கத்துறீங்க. மத்த நாள் நான் போடலையே. டிக் போட்டது என் விரல்.”

எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் இடத்துக்குப் போய் ஒரு தாள் எடுத்து, அன்றைக்கு நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுதினேன். ‘தட்டிவிடும்மா’ என்று நான் சொன்னதையும் எழுதினேன்.

முதலாளி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். “தப்பு நடந்தா ஆளுக்காள் கை காட்டுவாங்க. இங்க ஒரு தப்புக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடுறீங்க,” என்றார். பிறகு இரண்டிலும் கையெழுத்துப் போட்டு உரிம அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார். “பதில் வர்ற வரைக்கும் அந்த மேசைல யாரும் மாறக்கூடாது.”

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. எச்சரிக்கை மட்டும்; தாமாக முன்வந்து முழுமையாகத் தெரிவித்ததால் மேல்நடவடிக்கை இல்லை. அந்த டிக் கட்டத்தை எங்கள் மென்பொருளிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வேகத்தடை அதே மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறார்.

நேற்று ஒரு புது ஆர்டர். கப்பலுக்கு மூன்று மணி நேரம்தான். திரையில் சிவப்பு, யாரோ ஒருவரின் பெயர் ஒத்துப்போகிறது. நான் ஓடிப்போய் நின்றேன், பழக்க தோஷத்தில் கை மேசைக்கு மேலே உயர்ந்தும்விட்டது. வேகத்தடை நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியிலிருந்த கோப்புகளை அள்ளித் தரையில் வைத்தார்.

“உக்காருங்க அண்ணா. நேரமாகும்.”

உட்கார்ந்தேன். கப்பல் போய்விட்டது. அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன்.