மங்கலாக வெட்டிய கலியாணம்

இரண்டாயிரத்து ஒன்பதில் ஹவுன்ஸ்லோவில் ஒரு கலியாண வீடியோக்காரருக்கு எடிட்டிங் செய்து கொடுத்தேன். அவரை அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். புதிதாக எச்டி கமரா வாங்கியிருந்தார். அதைக் கைக்குழந்தைபோலத் தூக்கித் திரிவார். அதன் படத்தை ஓடவிடக்கூடிய கம்ப்யூட்டர் வாங்க மட்டும் மனம் வரவில்லை.

"உம்மட லப்டொப் இருக்குத்தானே, தங்கச்சி."

என்னுடையது ஒரு ஜிபி நினைவகம் உள்ள பழைய லப்டொப். இல்ஃபோர்டில் நடந்த கலியாணத்தின் கிளிப்புகளைப் போட்டேன். மாப்பிள்ளை தாலியோடு கையைத் தூக்கினார், அப்படியே நின்றார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்த பிறகும் கட்டி முடிக்கவில்லை.

இலவச மென்பொருள் ஒன்றால் எல்லாக் கிளிப்புகளையும் சின்னப் பிரதிகளாக மாற்றினேன். படத்தின் அளவும் தெளிவும்தான் குறைவு. கோப்பின் பெயர், நீளம், நொடிக்கு எத்தனை பிரேம் என்பதெல்லாம் மூலத்தில் உள்ளபடியே. இப்படியான பிரதிக்குப் புரொக்ஸி என்று பெயர். கோயில், மண்டபம், சாப்பாடு என்று புரொஜெக்டையும் மூன்றாகப் பிரித்தேன். அதன்பின் லப்டொப் முனகாமல் ஓடியது. வெட்டப் பயன்படுத்திய எடிட்டிங் மென்பொருளும் இலவசம்தான்.

அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன இது, பொம்பிளையின்ர முகம் புகையாக் கிடக்குது? என்ர கமராவை அவமானப்படுத்திறீரோ?"

"இது வெட்டுறதுக்கு மட்டும் அண்ணை. முடிஞ்ச பிறகு ஃபோல்டரை மாத்தினா, அதே வெட்டு பெரிய கிளிப்பில விழும்."

"ஓம் ஓம்" என்றார். விளங்காத இடத்தில் அவர் இரண்டு முறை ஓம் சொல்வார்.

வெட்டி முடித்ததும், சரிபார்க்கப் பிரதியிலிருந்தே ஒரு டிவிடி எழுதி, மேலே 'சோதனை' என்று குறித்து மேசையில் வைத்தேன். பிறகு மூலக் கிளிப்புகளை இணைத்து, முழுப் படமாக எழுதும் எக்ஸ்போர்ட் போட்டேன். அது ஒரு முழு நாள் எடுக்கும். மறுநாள் வந்து பார்த்தால் மேசையில் டிவிடி இல்லை.

"கலியாண வீட்டுக்காரர் அவசரப்பட்டினம், குடுத்திட்டன்" என்றார் அண்ணை. "சும்மா சொல்லக்கூடாது, எச்டி எண்டா எச்டிதானாம். பொம்பிளையின்ர தகப்பன் புகழ்ந்து தள்ளுறார்."

அது மங்கல் பிரதி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தன் கமராவின் தெளிவைப் பற்றி வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தார்.

எக்ஸ்போர்ட் முடிந்தது. சேலையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. நல்ல டிவிடியை நானே இல்ஃபோர்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, முதலில் வந்தது சோதனைக்காக எழுதியது என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டாம் நாள் மணப்பெண் எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, புதுசில என்ர கன்னத்துப் பருவெல்லாம் தெரியுது. பழசுதான் வடிவு. அதில இன்னும் பத்து கொப்பி அடிச்சுத் தர ஏலுமே?"

அடித்துக் கொடுத்தேன். பத்தும் மங்கல்.