பால் பொங்கும்போது ஒலித்த பாட்டு

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயா பஜாரில் அப்பாவுக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில்தான் நாங்கள் ஐந்து பேரும் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயதானபோது, பஜாருக்கு மேலே ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, தகரக் கூரை போட்ட சின்ன வீடொன்றை அப்பா கட்டி முடித்தார். அம்மாவின் சொந்தக்காரர்கள் எல்லோரும் தேயிலைத் தோட்டத்து லயங்களில், கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை அறைகளில், இருந்தவர்கள். சொந்த வீடு என்று ஒன்றை அவர்களில் யாரும் அதுவரை கண்டதில்லை. அதனால் பால் காய்ச்சுகிற நாளைப் பற்றி எங்களைவிட அவர்களே அதிகம் பேசினார்கள்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இரண்டு நாள் முன்னதாகவே தோட்டத்திலிருந்து வந்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணம், வளைகாப்பு, சடங்கு என்று லயத்தில் எது நடந்தாலும் பாட்டுப் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அப்பாவுக்கு ரேடியோ செட் வைத்துவிட வேண்டுமென்று ஆசை. பஜாரில் எல்லா விசேஷத்துக்கும் செட்தான் வைத்தார்கள். பெரியம்மா அதற்காக வருத்தப்படவில்லை.

"வையுங்க தம்பி. ஆனா என்னா பாட்டுன்னு நாங்க பாத்துச் சொல்லுவோம். வீடு குடிபோற அன்னிக்குக் கண்டதும் காதுல விழக்கூடாது" என்றாள்.

விசேஷத்துக்கு முதல் நாள் மத்தியானம் செட்டுக்கார அண்ணன் வந்தார். கோன் ஸ்பீக்கரைச் சவுக்கு மரத்தில் கட்டினார். சாவி கொடுக்கிற பிளேயர், கார் பேட்டரி, ஒரு சின்ன டப்பி நிறைய ஊசி, ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டு. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பெரியம்மா தட்டுகளைப் பிரித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் பிள்ளையார் பாட்டு. அது இல்லாமல் எதுவும் தொடங்கக்கூடாது. பிறகு முருகன், அம்மன். நிறைகுடத்தோடு உள்ளே போகும்போது வெறும் நாதஸ்வரம், பேச்சே வேண்டாம். பால் பொங்கும்போது வாழ்த்து. சாப்பாட்டுப் பந்தியில்தான் சினிமாப் பாட்டு, அதிலும் தாலாட்டும் கல்யாணப் பாட்டும் மட்டும். 'இல்லை', 'போ', 'தனிமை' என்று தொடங்குகிற எதுவும் கூடாது. ராகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், படத்தில் அந்தப் பாட்டுக்குப் பிறகு யாராவது செத்துப்போனால் அதுவும் கூடாது. எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தக்கூடாது. பாதியில் நின்ற பாட்டு, வாசல் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதுபோல என்றாள்.

பால் பொங்கும் நேரத்துக்குத்தான் ஒன்றும் சரியாக அமையவில்லை. பெட்டியின் அடியில் ஒரு தட்டு கிடைத்தது. 'வாழ்க' என்று தொடங்கியது லேபிள்.

"இந்தப் பாட்டு ஒனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள் பெரியம்மா.

எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை நேரம் எல்லாம் தெரிந்தவளாக உட்கார்ந்திருந்தேன். "தெரியும் பெரியம்மா. கல்யாண வாழ்த்து" என்றேன். அவள் அந்த லேபிளில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, செட்டுக்கார அண்ணன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் விடியும்போதே மலையெல்லாம் பனிமூட்டம். தோட்டத்திலிருந்து இருபது முப்பது பேர் வந்து ரோட்டில் நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வெள்ளைச் சேலை கட்டி, ஒரு தட்டில் கிரிபத் என்கிற பாற்சோறு வைத்து வாழையிலையால் மூடிக்கொண்டு வந்து நின்றார். பிள்ளையார் பாட்டு மூட்டத்துக்குள்ளிருந்து கணீரென்று வந்தது. அப்பா சாமி படத்தோடும், அம்மா நிறைகுடத்தோடும், பெரியம்மா உப்பும் மஞ்சளும் வைத்த தாம்பாளத்தோடும் வலது கால் வைத்து உள்ளே போனார்கள். நாதஸ்வரம் கச்சிதமாக அதற்குள் முடிந்தது. அடுப்பில் பால் ஏறியது. விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியதும் நான் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினேன். செட்டுக்கார அண்ணன் பொட்டு வைத்த தட்டைப் போட்டார்.

முதல் இரண்டு வரி வாழ்த்துத்தான். மூன்றாவது வரியில் அந்தப் பெண் குரல் உடைந்தது. கடல் தாண்டிப் போகிற மகளை, இனி எப்போது பார்ப்பேன் என்று ஒரு தாய் அழுகிற பாட்டு அது.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா வாசலைப் பார்த்து, "ஏய், நிப்பாட்டு அத!" என்று கத்தினார்.

"நிப்பாட்டாதீங்க தம்பி" என்றாள் பெரியம்மா. "பாதியில நிக்கக்கூடாது. அது பாட்டுக்கு ஓடட்டும்."

தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு வாசற்படிக்குப் போய் நின்றாள். கையைத் தட்டிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு மேலே குரலெடுத்துப் பாடத் தொடங்கினாள்.

"உப்பும் மஞ்சளும் முன்னால வர
ஒறவும் சனமும் பின்னால வர
பொங்குது பாலு, பொங்குது பாலு
வாங்க வாங்க, வாசல் தெறந்திருக்கு!"

கடைசி அடியை வெளியே நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். முப்பது பேரின் கைத்தட்டலில் ஸ்பீக்கர் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அதே நேரம் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

பெரியம்மா நிறுத்தவில்லை. மாமாவுக்கு ஓர் அடி, சித்திக்கு ஓர் அடி, துணி வெட்டக் கற்றுக்கொடுத்த அப்பாவின் பழைய முதலாளிக்கு ஓர் அடி. பாட்டில் பேர் வந்த ஆள் கூச்சத்தோடு சிரித்தபடி படியேறி வர வேண்டும். சிங்கள அம்மாவின் முறை வந்தபோது 'வாங்க' என்பதைச் சிங்களத்தில் 'எண்ட, எண்ட' என்று மாற்றிப் பாடினாள். அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இன்னும் பிறக்காத என் தம்பிக்குக்கூட ஓர் அடி இருந்தது. அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "லேபிள்ல வாழ்கன்னுதான் போட்டிருந்துச்சு. புள்ள என்னா செய்யும்?" என்று பெரியம்மா முந்திக்கொண்டாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அதைப் பற்றி அவள் ஒருபோதும் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்தியாவுக்குப் போனார்கள். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதங்கள், யாரோ எழுதிக் கொடுத்தவை, வந்தன. பிறகு எதுவும் வரவில்லை. பெரியப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடி, இனி இந்தியாவுக்குத்தான் போக வேண்டும் என்ற கடிதம், நாங்கள் பால் காய்ச்சியதற்கு முந்திய வாரமே வந்துவிட்டதாம். தங்கச்சி வீட்டு விசேஷம் முடியட்டும் என்று அதை மடித்துத் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் வந்திருக்கிறாள். இதை அம்மா எனக்குச் சொன்னபோது என் கல்யாணமே முடிந்திருந்தது. அந்த ஸ்பீக்கர் பாட்டின் மூன்றாவது வரி அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அதன் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போதும் எந்த வீட்டிலாவது பால் பொங்கினால், அந்தக் கைத்தட்டலுக்காகக் காது ஏங்குகிறது.

பால் காய்ச்சிய அன்று சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவளிடம் போய், "எல்லாரையும் வாங்கன்னு பாடுனீங்க, ஒங்கள மட்டும் விட்டுட்டீங்களே பெரியம்மா" என்றேன். தவறு கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவள் நிமிராமல் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "வீட்டாளுக்கு யாராவது அழைப்பு வைப்பாங்களாடி?" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் பெரியம்மா இனிமேல் எங்களோடுதான் இருக்கப் போகிறாள். நான் உள்ளே ஓடி, புது வீட்டில் அவள் பாய் விரிக்க எந்த மூலை நன்றாக இருக்கும் என்று தேடத் தொடங்கினேன்.