பிரேயரில் ரூத் பேசிய ஐந்து நிமிடம்

ரூத்துக்கு வாய் நீளம் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்ல முடியாது. பள்ளி நர்ஸ் அவள். சிக் ரூமில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்க், கொஞ்சம் பஞ்சு, மருந்து. இவற்றோடு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பாள். நெம்மேலிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள். செங்கல்பட்டில் நர்ஸிங் படித்து அங்கேயே ஒரு கிளினிக்கில் வேலையும் பார்த்தாள். புருஷன் ஜான்சன் நாவலூர் கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறான். புதுப்பட்டினத்தில் இருக்கும் எங்கள் தனியார் பள்ளிக்கு, இருந்த சம்பளத்தை விட்டுவிட்டு அவள் வந்ததற்கு ஒரே காரணம்தான். இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது. அவளுடைய ஒரே மகள் ஜெஸ்ஸி, நாலாம் வகுப்பு. அந்த வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவன் நான்.

ஜெஸ்ஸிக்குத் தன்னையறியாமல் உள்ளாடையில் மலம் கசியும். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை மழலைச் செல்வங்கள் என்று பேசுகிறவர்கள் ஒருநாள் எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் பக்கத்துப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். பிறகு மொத்த பெஞ்சும் காலியானது. வகுப்பாசிரியர் ஜெயக்குமார், காற்றோட்டத்துக்கு என்று சொல்லி அவளை ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்தார். கப்பு என்றால் நாற்றம். 'கப்பு ஜெஸ்ஸி' என்ற பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. ஒரே வாரத்தில் அது எல்.கே.ஜி. வரைக்கும் போய்விட்டது.

ரூத் மகளை அடித்தாள். ஒன்பது வயதுக் கழுதைக்குச் சொல்லத் தெரியாதா என்று அடித்தாள். அடித்தும் நிற்காமல் போகவே, செங்கல்பட்டில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ரூத்தைத்தான் திட்டினார். பிள்ளை மாதக்கணக்காக அடக்கி அடக்கி, மலம் உள்ளே கல்லாக இறுகிக் கிடக்கிறது. குடல் விரிந்துபோனதால் வருகிற உணர்ச்சியே மங்கிவிட்டது. கல்லைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசிவது அவளுக்கே தெரியாது. அடித்தால் இன்னும் அடக்குவாள். முதலில் மருந்து கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும், அதன் பிறகும் மருந்தைச் சில மாதம் நிறுத்தக்கூடாது, தினமும் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கக்கூஸில் உட்கார வேண்டும், நார்ச்சத்தும் தண்ணீரும் வேண்டும், பள்ளியில் கேட்டபோதெல்லாம் விட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரூத் மகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இஸ்கூல்ல ஏன்டி போவ மாட்டேன்ற?"

"கதவுல தாப்பா இல்லம்மா. ஒருத்தி உள்ள போனா அவ ஃபிரண்டு வெளிய நின்னு புடிச்சிக்குவா. எனக்கு யாரு புடிப்பா?"

ரூத் மறுநாளே தலைமையாசிரியை அமிர்தவல்லியிடம் போய் நின்றாள். தாழ்ப்பாள் வேண்டும், வகுப்பு நேரத்திலும் பிள்ளைகளை விட வேண்டும் என்று கேட்டாள்.

"உங்க பொண்ணு ஒருத்திக்காக ரூல மாத்த முடியாது ரூத். எல்லா பசங்களுக்கும் பொதுவான விஷயம்னா சொல்லுங்க, மேனேஜ்மெண்ட்ல பேசலாம். வேணும்னா திங்கட்கிழமை பிரேயர்ல அஞ்சு நிமிஷம் பேசுங்க. கரஸ்பாண்டெண்ட்டும் வருவார். சும்மா கக்கூஸ் கக்கூஸ்னு சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, டிபன் பாக்ஸ் பத்தியும் சொல்லுங்க."

திங்கட்கிழமை ரூத் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையில் வந்தாள். பேச்சு நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் பிரேயர் பேச்சு என்றால் ஒரு முறை உண்டு. பேசுகிறவர் கேட்பார், பிள்ளைகள் கோரஸாகப் பதில் சொல்வார்கள்.

"பிரெட்டு ஜாம், நூடுல்ஸ், சிப்ஸ் மட்டும் டெய்லி கொண்டாந்தா வயிறு கட்டிக்கும். அதுக்குப் பதிலா சுண்டல், பச்சைப்பயறு, கேழ்வரகு அடை, முருங்கக்கீரை, கொய்யாப்பழம் கொண்டாரணுமா?"

"ஆமாம் மிஸ்!"

"நெறைய தண்ணி குடிக்கணுமா?"

"ஆமாம் மிஸ்!"

"காலையில நாஸ்தா துன்னதும் அவசரப்படாம கொஞ்ச நேரம் கக்கூஸ்ல ஒக்காரணுமா? வந்தா அடக்காம ஒடனே போவணுமா? போயிட்டு வந்து சோப்புப் போட்டு கை கழுவணுமா?"

"ஆமாம் மிஸ்!"

கரஸ்பாண்டெண்ட் தலையை ஆட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாழ்ப்பாளைக் கேட்டு வாங்காமல் இறங்கக்கூடாது என்று அவளுக்கு. அடக்கினால் என்ன ஆகும் என்று சொன்னாள். கல்லாக இறுகுவதைச் சொன்னாள், தெரியாமல் கசிவதைச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை.

"நம்ம இஸ்கூல்லயே ஒரு பொண்ணுக்கு அப்பிடி ஆயிக்கீது. கதவுக்குத் தாப்பா இல்லாததால ஆச்சு. பாவம், அதுக்கே தெரியாம ஆவுது. பசங்களா, அது அந்தப் பொண்ணு மேல தப்பா?"

அறுநூறு பிள்ளைகளும் ஒரே குரலில், பழக்கதோஷத்தில், சந்தோஷமாகக் கத்தினார்கள்.

"ஆமாம் மிஸ்!"

ரூத் மைக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "கப்பு ஜெஸ்ஸி!" என்றது. மைதானமே சிரித்தது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. ஒன்றிரண்டு ஆசிரியர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள், ஜெயக்குமார் அதுகூடச் செய்யவில்லை. ஜெஸ்ஸி தன் வரிசையில் நேராக நின்றாள். முன்னும் பின்னும் இருந்தவர்கள் ஓரடி தள்ளிப்போனதால் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தாள்.

பேச்சு பலித்தது, அதுதான் கொடுமை. அந்த வாரமே எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டார்கள். அமிர்தவல்லி தன் பங்குக்கு டிபன் பாக்ஸ் சோதனை கொண்டுவந்தார். மதியம் மணி அடித்ததும் வகுப்பாசிரியர் மூடியைத் திறந்து பார்ப்பார், நார்ச்சத்து இருந்தால் கையில் ஒரு ஸ்டார் ஒட்டுவார். ஜெஸ்ஸி தினமும் ஸ்டாரோடு வீட்டுக்குப் போனாள். டப்பாவும் காலியாக வந்தது, கசிவும் நின்றது. ரூத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கர்த்தர் கண்ண தொறந்துட்டாரு சார்" என்று என்னிடமே சொன்னாள். அமிர்தவல்லி அவளைக் கூப்பிட்டுப் பாராட்டி, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிரேயரிலும் பேசச் சொன்னார்.

அந்தப் பிரேயருக்கு முந்தின நாள் டிரில் பீரியடில் ஜெஸ்ஸி மயங்கி விழுந்தாள். யாரும் தூக்கவில்லை. நான்தான் சிக் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. ரூத் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பழையபடி கல்லாக இருந்தது.

"மதியம் இன்னாடி துன்ன?"

ஜெஸ்ஸியின் கையிலே அன்றைய ஸ்டார் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுடி. சுண்டல் இன்னா ஆச்சு? யாருக்குனா குடுத்துட்டியா?"

"என் டப்பாவ யாரும் தொட மாட்டாங்கம்மா. ஸ்டார் ஒட்னதும் குப்பத்தொட்டில கொட்டிடுவேன்."

"டெய்லியா?"

"டெய்லியும்தான். தண்ணியும் குடிக்க மாட்டேன். மருந்து குடுப்பியே, அத வாயில வெச்சினு வெளிய போயி துப்பிடுவேன். உள்ள போனாத்தான வெளிய வரும்?"

ரூத் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் அழக்கூட முடியவில்லை. எனக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிடலாம் போல இருந்தது. ரூத் பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் கஞ்சி ஊற்றி ஸ்பூனால் அவள் வாயருகே கொண்டுபோனாள். ஜெஸ்ஸி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசினாள்.

"நாளைக்குப் பிரேயர்ல நீ பேச மாட்டேன்னு சொல்லு. துன்றேன்."