சீக்கிரம் தீர்ந்த சிலிண்டர்

"எம் புள்ள அடுப்பைச் சும்மா எரிய உடறவ இல்லீங்க. மானியந்தான் ஏறுல. அதான் கேஸ் செலவு இந்தப் போடு போடுது."

எருமப்பட்டி கேஸ் ஆபீசில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மணியன் தானாகத்தான் சொன்னார். இருபது வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் கிணறு தோண்டியவர். பாறைத் தூளை இழுத்து இழுத்து மூக்கு செத்துவிட்டது; மல்லிகையும் மாட்டுச் சாணமும் அவருக்கு ஒன்றுதான். மனைவி போனபின் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்த வீட்டுக்கு மகள் தனப்பிரியா பிரசவத்துக்கு வந்தாள். பேத்தி பிறந்து இரண்டு மாதம். அன்றிலிருந்து மனுசன் தரையில் நடக்கவில்லை.

கவுன்டரில் இருந்த நித்யஸ்ரீ கம்ப்யூட்டரில் அவர் கணக்கைத் திறந்தாள்.

"மானியம் தவறாம ஏறியிருக்குதுங்க, ஒவ்வொரு தடவையும் இருபத்திநாலு ரூவா. கையில என்ன குடுத்தீங்க?"

"சிலிண்டர் தூக்கியாறவனுக்கும் சேத்து தொள்ளாயிரத்து இருபதுங்க."

"அப்ப மானியம் போக எண்ணூத்தித் தொண்ணூத்தாறு. முன்னெல்லாம் ஒரு சிலிண்டர் ரெண்டு மாசம் வந்திருக்குது. மாசத்துக்கு நானூத்தி நாப்பத்தெட்டு. இப்ப மாசம் ஒண்ணு தீருது. செலவு ரெட்டிப்புங்க."

"பேத்தி வந்த செலவுங்க!" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "குளிக்க வெந்நி கேஸ்லயா போடறீங்க?"

"ஏனுங்க, அது வாசல்ல வெறகடுப்புல."

"சமையல்?"

"மூணு பேருக்கு. அதுல ஒருத்திக்குப் பாலுதான்."

நித்யஸ்ரீ திரையையே பார்த்தாள். "ரெண்டு பேரு சமையலுக்கு மாசம் ஒரு சிலிண்டர் தீராதுங்களே. அப்ப மீதி கேஸ் எங்கீங்க போகுது? ரப்பர் டியூப் எப்ப மாத்துனீங்க?"

மணியனின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. மனைவி இருந்தபோது மாற்றியது. இது பேத்தி குளித்து முடிக்கிற நேரம். தனப்பிரியா தணலில் சாம்பிராணி போட்டு, புகையை வீட்டுக்குள் கொண்டு போவாள். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"வாசல்ல தணல் அள்ளிட்டிருக்கறனுங்ப்பா..."

"தண்ணிய ஊத்து! நெருப்பு உள்ள போவக்கூடாது. போனை அங்கேயே வெச்சுட்டு பாப்பாளைத் தூக்கிட்டு வெளிய வா. சுவிச்சு எதுலயும் கை வெக்காத சாமி!"

அவர் மொபெட்டில் வந்து சேர்ந்தபோது மகள் வேப்பமரத்தடியில் குழந்தையோடு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கேஸ் ஆபீசிலிருந்து கூடவே வந்த மெக்கானிக் கதவை அகலத் திறந்து போட்டு, ரெகுலேட்டரை மூடினார். அடுப்புக்குப் பின்னால் எலி கடித்த டியூப்பை வெட்டியெடுத்து வாசலில் போட்டார்.

"இத்தனை நாள் வாசம் தெரியலீங்களா?"

மணியன் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பல நாள் சொன்னதுபோலவே காலையிலும் அவள் மூக்கைச் சுளித்து, என்னமோ நாறுதுங்ப்பா என்றபோது அவர் சொல்லியிருந்தார்:

"அது சாம்பிராணி வாசந்தான் சாமி. பாப்பாளுக்குக் காத்துப் படும், சன்னலைச் சாத்து."